"டைம் இல்ல சார்"னு ரிப்போர்ட்டில் எழுதலாமா? மெத்தடாலஜி சாப்டர் எழுதும் முறை

ஃபைனல் இயர் ரிப்போர்ட்டில் மெத்தடாலஜி சாப்டரைத்தான் நாம ரொம்ப ஈசியா நினைக்கிறோம். செஞ்சதை வரிசையா எழுதினா முடிஞ்சுதுன்னு விட்டுடுறோம். ஆனா வைவாவில் எக்ஸ்டர்னல் கேக்கிற "ஏன்?" எல்லாம் பெரும்பாலும் அந்த சாப்டரிலிருந்துதான் வரும். "ஏன் இந்த சிமென்ட்? ஏன் 28 நாளோட நிறுத்தினீங்க? ஏன் மூணே மூணு கியூப்?" இதுக்கான பதில் ரிப்போர்ட்டிலேயே இருந்தா, அங்கே போய் சமாளிக்க வேண்டியதில்லை.

சிவில் பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ப்ராஜெக்டையே எடுத்துக்குவோம். எம்25 கான்கிரீட்டில் சிமென்ட்டுக்குப் பதிலா 20, 30, 40 சதவீதம் ஃப்ளை ஆஷ் போட்டு, 150 மி.மீ. கியூப் வார்த்து, 28 நாளில் உடைச்சுப் பார்க்கிறது. மற்ற டிபார்ட்மென்ட்காரங்க இதே யோசனையை உங்க சென்சாருக்கோ டேட்டாசெட்டுக்கோ பொருத்திக்கலாம். ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருக்கும். இங்கே மாதிரி வாக்கியங்களைத் தமிழில் தர்றேன்.

தேர்வுக்குக் காரணம் எழுதுவது

முதல் தேர்வு சிமென்ட். "ஓபிசி 53 கிரேடு பயன்படுத்தப்பட்டது"ன்னு மட்டும் எழுதினா, "கடையில் எங்கே பார்த்தாலும் பிபிசிதானே கிடைக்குது, ஏன் ஓபிசி?"ன்னு கேள்வி வரும். இதுக்குப் பலர் எழுதுற பதில், "பல ஆய்வாளர்கள் ஓபிசியையே பயன்படுத்தியுள்ளனர்." இது காரணமே இல்லை, துணைக்கு ஆள் சேர்க்கிறது. உண்மையான காரணம் ரொம்ப எளிமையானது. ஐ.எஸ். 1489 பகுதி 1-இன்படி ஃப்ளை ஆஷ் கலந்த பிபிசியில் ஏற்கனவே 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம். அதில் நாம இன்னும் 20 சதவீதம் சேர்த்தா, மொத்தம் எவ்வளவுன்னு நமக்கே சரியாத் தெரியாது. அதனால் இப்படி எழுதுங்க:

"ஃப்ளை ஆஷின் அளவை நாங்களே கட்டுப்படுத்த வேண்டியிருந்ததால், ஏற்கனவே ஃப்ளை ஆஷ் கலந்த பிபிசியைத் தவிர்த்து ஓபிசி பயன்படுத்தப்பட்டது."

இதில் என்ன எடுத்தோம், எதை விட்டோம், நம்ம கேள்விக்கு ஏன் அது பொருந்தும்ங்கிற மூணும் ஒரே வாக்கியத்தில் வந்துடுச்சு. "இதுவே சிறந்த முறை"ன்னு அடிச்சுச் சொல்லத் தேவையே வரலை.

ரெண்டாவது தேர்வு தண்ணி. எல்லாக் கலவைக்கும் தண்ணி-பைண்டர் விகிதம் 0.45-ன்னு வெச்சோம்னு எடுத்துக்குங்க. இன்னொரு வழியும் இருந்தது: ஸ்லம்பை ஒரே அளவில் வெச்சு, தண்ணியை மாத்துறது. ஃப்ளை ஆஷ் துகள்கள் உருண்டையா இருக்கிறதால் கலவை பொதுவா இளகும். அதே ஸ்லம்புக்குத் தண்ணியைக் குறைக்கலாம், தண்ணி குறைஞ்சா வலிமை கூடும். சைட்டில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வாங்க. நாம விகிதத்தை மாத்தாம வெச்சதுக்குக் காரணம், வலிமையில் வர்ற மாற்றம் ஃப்ளை ஆஷால் வந்ததா, தண்ணியால் வந்ததாங்கிற குழப்பம் வரக்கூடாது. அதையே எழுதலாம். கூடவே, "தண்ணீரைக் குறைத்திருந்தால் ஃப்ளை ஆஷ் கலவைகள் இதைவிடக் கூடுதல் வலிமை தந்திருக்கக்கூடும்" என்ற வரியையும் சேர்த்துடுங்க. இது நம்ம தேர்வோட விலை. அதை நாமே சொல்லிட்டா, அந்தக் கேள்வியை எக்ஸ்டர்னல் கண்டுபிடிச்சு எடுக்க வேண்டியதில்லை.

லிமிட்டேஷன் எழுதுவது

வழக்கமா நாம எழுதுறது இதுதான்: "கால அவகாசம் இல்லாததால் 28 நாள் சோதனை மட்டுமே செய்ய முடிந்தது. இருப்பினும் முடிந்தவரை துல்லியமாகச் செய்துள்ளோம்." இந்த ரெண்டு வாக்கியமும் நம்மைப் பத்திப் பேசுது, கியூபைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது, 28 நாளோட நிறுத்தினதால் ரிசல்ட் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கிறதுதான்.

அதுக்குக் கெமிஸ்ட்ரி கொஞ்சம் வேணும். சிமென்ட் தண்ணியோட சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகும். ஃப்ளை ஆஷில் இருக்கிற சிலிக்கா அதோட மெதுவா வினைபுரிஞ்சு, வலிமை தர்ற சி-எஸ்-ஹெச் ஜெல்லை இன்னும் கொஞ்சம் உண்டாக்கும். இந்த வினை 28 நாளில் முடியாது. ஈரம் இருந்தா மாசக்கணக்கில் நடக்கும். அப்போ 28 நாளில் அளந்தா, ஃப்ளை ஆஷ் அதிகமுள்ள கலவைதான் அதிகமா நஷ்டப்படும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதினா:

"கியூப்கள் 28 நாளில் சோதிக்கப்பட்டன. ஃப்ளை ஆஷின் வினை அதன் பிறகும் தொடர்வதால், 30, 40 சதவீதக் கலவைகளின் பிந்தைய வலிமையை இந்த முடிவுகள் காட்டாது. இங்குள்ள ஒப்பீடு 28 நாள் வலிமைக்கு மட்டுமே பொருந்தும்."

இதில் மன்னிப்பும் இல்லை, சமாளிப்பும் இல்லை. செமஸ்டர் முடிஞ்சுதுன்னு காரணம் சொல்லணும்னா ஒரு சின்ன வரியில் சொல்லுங்க, தப்பில்லை. ஆனா அது லிமிட்டேஷன் ஆகாது.

அடுத்தது மூணு கியூப் விஷயம். மூணோட சராசரி எடுக்கிறது ஐ.எஸ். 456 சொல்ற முறைதான். தனித்தனி கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாதுன்னும் அது சொல்லுது. ஆனா ரெண்டு கலவையை ஒப்பிட அது எப்பவும் போதாது. ஒரு கணக்குக்கு, ஃப்ளை ஆஷ் இல்லாத கலவை 31.5, 33.2, 34.3 மெகாபாஸ்கல் தருது, சராசரி 33.0. 20 சதவீதக் கலவை 30.4, 31.9, 33.1 தருது, சராசரி 31.8. சராசரியை மட்டும் பார்த்தா 1.2 குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ஒரே கலவையோட கியூப்களுக்குள்ளேயே 2.7, 2.8 வித்தியாசம் இருக்கு. ரெண்டு கலவையோட எண்களும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. அதனால் "20 சதவீதத்தில் வலிமை குறைந்தது"ன்னும் சொல்ல முடியாது, "குறையவே இல்லை"ன்னும் சொல்ல முடியாது. "மூன்று கியூப்களின் சிதறலை வைத்து இந்த 1.2 மெகாபாஸ்கல் வேறுபாட்டை உறுதிசெய்ய இயலாது"ன்னு எழுதி, மூணு எண்ணையும் டேபிளில் போட்டுடுங்க. சராசரியை மட்டும் போட்டு மத்ததை மறைச்சாதான் சந்தேகம் வரும்.

எங்கே வைக்கிறது?

எல்லா லிமிட்டேஷனையும் சேர்த்து கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாப் போட்டா, குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். சிமென்ட் பத்திச் சொல்ற பாராவிலேயே சிமென்ட்டோட எல்லை, டெஸ்டிங் பாராவிலேயே 28 நாளோட எல்லைன்னு அந்தந்த இடத்திலேயே வையுங்க.

எழுதி முடிச்சதும் கன்க்ளூஷனை எடுத்து இதோட ஒப்பிட்டுப் பாருங்க. "20 சதவீதமே ஆப்டிமம்"னு அங்கே இருந்தா, மெத்தடாலஜியில் எழுதினது வீண். மேல பார்த்த எண்கள் தாங்குற முடிவு இவ்வளவுதான்: "தண்ணீர்-பைண்டர் விகிதம் 0.45-இல், 28 நாளில், 20 சதவீத ஃப்ளை ஆஷ் கலவைக்கும் ஃப்ளை ஆஷ் இல்லாத கலவைக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை." கேக்க கொஞ்சம் சின்னதா இருக்கும். ஆனா இதை யாரும் வைவாவில் உடைக்க முடியாது.