மாதம் 10 சதவீதம் வட்டி: சொந்தக்காரரைப் பகைக்காமல் எச்சரிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே மாதிரிக் கேள்வி கூடிவிடுகிறது. பண்டிகைக்கு முன்பு சேருபவர்களுக்கு மட்டும் என்று கெடு வைத்து ஒரு முதலீட்டுத் திட்டம் ஊருக்குள் வருகிறது. அதைக் கொண்டுவருபவர் அந்நியர் அல்ல. சித்தப்பா மகனாகவோ மகளிர் குழுத் தலைவியாகவோ பிள்ளைக்குப் பாடம் எடுத்த வாத்தியாராகவோ இருக்கிறார். "இது சரியாகப் படவில்லை. ஆனால் சொன்னால் தம்பி மனம் நோகும், கம்பெனிக்காரன் கேஸ் போடுவான் என்கிறார்கள். சும்மா இருந்துவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இன்னும் பலர் வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்கிறார்கள்.

சும்மா இருக்க வேண்டாம். ஆனால் "இது மோசடி" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். வழக்குப் பயம் அதற்கு இரண்டாவது காரணம்தான். அந்த வார்த்தை எடுபடாது என்பதே முதல் காரணம். இந்தத் திட்டங்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்தால் அது ஏன் எடுபடாது என்பது விளங்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 லட்சம் போட்டால் மாதம் 10,000 ரூபாய் வட்டி, கேட்கும்போது அசல் திருப்பித் தரப்படும் என்பது வாக்குறுதி. தை மாதம் 100 பேர் சேருகிறார்கள். வசூல் 1 கோடி. ஆள் பிடித்த ஏஜென்டுகளுக்கு 5 சதவீதக் கமிஷன் போனால் கையில் 95 லட்சம். நிறுவனம் ஒரு பைசாவுக்கும் தொழில் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10 லட்சம் வீதம் 5 மாதம் வட்டி கொடுத்தாயிற்று. இன்னும் 45 லட்சம் இருக்கிறது. தேதி தவறாமல் பணம் வருவதைப் பார்த்து ஆறாவது மாதம் புதிதாக 100 பேர் வருகிறார்கள். கமிஷன் போக மேலும் 95 லட்சம் சேர, கையிருப்பு 1 கோடியே 40 லட்சம் ஆகிறது. இப்போது மாதச் செலவு 20 லட்சம். இன்னும் 7 மாதம் தாங்கும்.

பன்னிரண்டாவது மாதத்தோடு பெட்டி காலி. முதலில் சேர்ந்த 100 பேரும் 12 தவணை வாங்கி ஆளுக்கு 20,000 லாபம் பார்த்துவிட்டார்கள். அடுத்து வந்த 100 பேருக்கு 7 தவணைதான். ஆளுக்கு 30,000 போயிற்று. உரிமையாளர் தனக்கென்று எதையும் எடுக்காமல் இருந்தால்கூட இதுதான் கதி. எடுத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

என்னை உறுத்துவது அந்தப் பன்னிரண்டு மாதங்கள்தான். எந்தத் தொழிலும் செய்யாத ஒரு நிறுவனம் ஒரு வருடம் முழுக்கத் தேதி தவறாமல் பணம் கொடுக்க முடியும். அந்த வருடத்தில் யார் எழுந்து "மோசடி" என்றாலும், நூறு பேர் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பணம் வந்திருக்கிறது. எச்சரித்தவர் பொறாமைக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாயை மூடிவிடுவார். இரண்டாவது நூறு பேரை உள்ளே கொண்டுவருவதே அந்த நேர்மையான சாட்சிகள்தான். அவர்கள் வீட்டுக்கல்யாணத்தில் செய்யும் செலவும் மாற்றிக் கட்டும் வீடும் நிறுவனத்துக்குச் செலவில்லாத விளம்பரமாகிவிடுகின்றன. கொண்டுவந்த தம்பியும் பெரும்பாலும் தன் பணத்தைப் போட்டு, வட்டி வாங்கி, நம்பித்தான் பேசுகிறான்.

ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீதான வழக்கில் தமிழ்நாட்டுப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்வது இந்த அளவில்தான் இருக்கிறது: மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி ஏறத்தாழ 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூல். அங்கும் முதலில் சேர்ந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆகவே எச்சரிக்கை யாருடைய நாணயத்தைப் பற்றியும் இருக்கக் கூடாது. கணக்கைப் பற்றியும் அனுமதியைப் பற்றியும் இருக்க வேண்டும். அந்த வாசகிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"நான் இதில் பணம் போடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிதி நிறுவனங்களே வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பொதுமக்களிடம் பணம் வாங்க இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எல்லோருக்கும் காட்டுகிறேன். அதுவரை நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ யாரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி நம் நல்லதுக்குத்தான் சொல்கிறான், அவனும் பணம் போட்டிருக்கிறான்."

இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. தன் முடிவு, வெளியே சரிபார்க்கக்கூடிய ஒரு விதி, பதில் வர வேண்டிய ஒரு கேள்வி, அவசரப்பட வேண்டாம் என்ற வேண்டுகோள் ஆகியவைதான் இருக்கின்றன. தம்பிக்குத் தலைகுனிவு இல்லாததால் அவனே அந்தக் கேள்வியை நிறுவனத்திடம் எடுத்துப் போக வழி இருக்கிறது. கெடுத் தேதியும் தானாகவே உடைகிறது. நேர்மையான நிறுவனம் அனுமதிக் கடிதத்தைக் காட்ட ஒரு நாள் போதும். காட்டாமல் "தேதி முடிகிறது, முதலில் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அதையும் அப்படியே எல்லோருக்கும் சொல்லிவிடலாம்.

"எனக்கு மாதாமாதம் வருகிறதே" என்று ஒருவர் எழுந்தால் மறுக்க வேண்டாம். "எந்த மாதம் சேர்ந்தீர்கள், போட்டது எவ்வளவு, மொத்தம் திரும்பி வந்தது எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். வந்தது போட்டதைவிடக் குறைவு என்றால் அவருக்கு இன்னும் லாபம் வர ஆரம்பிக்கவில்லை. அதை அவர் வாயாலேயே கூட்டிச் சொன்னால் சபைக்குப் புரியும்.

அனுமதி விஷயத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். "அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்" என்று சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். கூடவே ஜிஎஸ்டி எண் இருக்கும். இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். மக்களிடம் டெபாசிட் வாங்கலாம் என்று சொல்லாது. ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் காட்டினாலும் நம்பி நின்றுவிட முடியாது. அங்கே பதிவான வங்கிசாரா நிதி நிறுவனங்களில் மிகச் சிலவற்றுக்கு மட்டுமே பொது டெபாசிட் வாங்க உரிமை உண்டு. அந்தச் சிலவற்றிலும் போட்ட பணம் திரும்பி வரும் என்று ரிசர்வ் வங்கி பொறுப்பேற்பதில்லை, வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் கிடையாது. எதற்கு அனுமதி என்ற விவரத்தை ரிசர்வ் வங்கியின் சாசெட் தளத்தில் பார்க்கலாம். பெயர் எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் புகார் செய்யாத வரை பெயர் அங்கே ஏறாது.

அடுத்து வழக்குப் பயம். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இருக்கிறது. அதன் பத்தாவது விதிவிலக்கு நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. கேட்பவரின் நன்மைக்காகவோ பொது நன்மைக்காகவோ நல்லெண்ணத்தோடு ஒருவரை இன்னொருவரிடம் எச்சரிப்பது அவதூறு ஆகாது என்கிறது. ஆனால் உரிய கவனமில்லாமல் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்காது. பேசுவதற்கு முன் தளத்தில் தேடினீர்களா, எழுத்தில் கேட்டீர்களா என்பதுதான் அங்கே எடைபோடப்படும். தேடிய தேதியையும் அனுப்பிய கடிதத்தின் நகலையும் எடுத்து வையுங்கள். தவிர, விதிவிலக்கு என்பது வழக்கு வந்தபின் நீதிமன்றத்தில் நாம் நிலைநாட்ட வேண்டியது. வழக்கே வராமல் அது தடுக்காது. குற்றச்சாட்டே இல்லாமல் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இங்கே நம்மில் பலர் தவறுவது ஜாடைப் பேச்சில். "சிலர் எந்தப் பணத்தில் கார் வாங்கினார்கள் என்று ஊருக்கே தெரியும்" என்பது பெயர் சொல்லாததால் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். குத்தலாகச் சொன்ன பழியும் அவதூறாகலாம் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆளும் நோகிறார், கேட்பவருக்கோ பயன்படும் விவரம் ஒன்றும் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி "அனுமதி என்ன என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை" என்பது அதைவிட மரியாதையானது, பத்திரமானதும்கூட.

பணம் போனால் அரசு மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொத்துகளை முடக்கி, விற்று, பங்கிட்டுத் தருவது அதன் வழி. அந்த வழி எவ்வளவு நீளம் என்று பாருங்கள்: திருப்பூர் பாசி நிதி நிறுவனம் 2009இல் விழுந்தது. இயக்குநர்களுக்கு 27 வருடச் சிறை என்று கோவைச் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2022இல்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நிறுவனத்தைப் பற்றிப் பேசினாலும் அவதூறு ஆகுமா? ஆகலாம், நிறுவனத்துக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.

"டெபாசிட் அல்ல, நீங்கள் பங்குதாரர்" என்கிறார்களே? நஷ்டம் வந்தாலும் மாதம் இவ்வளவு நிச்சயமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது பெயர் மாற்றிய டெபாசிட்.

ஏஜென்டாக இருக்கும் உறவினரிடம் தனியாக என்ன சொல்வது? 2019ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டப்படி, தவறான வாக்குறுதி என்று தெரிந்தே ஆள் சேர்ப்பவரும் குற்றவாளி. ஊரில் பேசுவதற்கு முன் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஏற்கனவே போட்டவர்? வட்டியைத் திரும்ப அதிலேயே போட வேண்டாம், அசலை எழுத்தில் கேளுங்கள், ரசீதையும் வங்கி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

புகார் எங்கே? பொருளாதாரக் குற்றப்பிரிவில். பணம் நின்ற பிறகுதான் போக வேண்டும் என்றில்லை, வசூல் நடக்கும்போதே கொடுக்கலாம்.