ஒரு படம் திரைக்கு வருமுன் யார் யார் பணம் கொடுக்கிறார்கள்?

புதுப்படம் ஒன்று வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சிறு விவாதம் நடக்கும். வெள்ளவத்தை சவோயில் போய்ப் பார்ப்போம் என்பது எங்கள் பக்கம். "நாலு கிழமை பொறுத்தால் போனிலேயே வந்துவிடும், எதற்குக் காசைக் கரைக்கிறீர்கள்?" என்பது உம்மாவின் பக்கம். பெரும்பாலும் உம்மாதான் வெல்வார். அப்படியானால், டிக்கட் வாங்காத எங்களைப் போன்றவர்களுக்காகத் தயாரிப்பாளருக்குப் பணம் கொடுப்பது யார்? அதைத் தேடிப் போனபோது, உம்மா சொல்லும் அந்த நாலு கிழமைக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமே இருப்பது தெரிய வந்தது.

திரைப்படத் தயாரிப்பாளர் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தில் மட்டும் படம் எடுப்பதில்லை. சென்னையில் பைனான்சியர் எனப்படும் கடன் கொடுப்போரிடம் மாத வட்டிக்கு வாங்குகிறார். வங்கியைப் போல வீட்டையோ நிலத்தையோ மட்டும் ஈடாக வைக்க முடியாது. படம்தான் ஈடு. ஆனால் முடியாத ஒரு படத்துக்கு என்ன மதிப்பு? இங்கேதான் உரிமைகள் வருகின்றன. ஒரு படத்தைத் துண்டு துண்டாக விற்கலாம். தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு ஒருவர், இலங்கையும் மலேசியாவும் அடங்கிய வெளிநாடுகளுக்கு இன்னொருவர், பாடல்களுக்கு வேறொருவர். தொலைக்காட்சியில் காட்டும் உரிமைதான் செய்மதி உரிமை. சென்னையில் சாட்டிலைட் ரைட்ஸ் என்பார்கள். இணையத்தில் காட்டும் உரிமையை நெட்பிளிக்ஸ், அமேசன் பிரைம், சோனி லிவ் போன்ற தளங்கள் வாங்குகின்றன. இந்த இரண்டையும் நடிகர், இயக்குநர் பெயரை நம்பிப் படப்பிடிப்பு நடக்கும்போதே விற்றுவிட முடியும். முன்பணம் கொஞ்சம், தணிக்கைச் சான்றிதழ் கிடைத்துப் படத்தைக் கையளித்ததும் கொஞ்சம், மீதி வெளியீட்டுக்குப் பின் என்று பணம் தவணையாக வரும். பைனான்சியருக்கு அந்த ஒப்பந்தக் கடிதமே நம்பிக்கை. தளம் கொடுக்கும் பணம் நேரே தன் கணக்குக்கு வரவேண்டும் என்றும் அவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தயாரிப்பாளர் 6 கோடி இந்திய ரூபாய் கடன் வாங்குகிறார், மாதம் நூற்றுக்கு 2 வட்டி. மாதத்துக்கு 12 இலட்சம், ஒரு வருடத்தில் 1 கோடி 44 இலட்சம். ஆக வெளியீட்டுக்கு முதல்நாள் 7 கோடி 44 இலட்சத்துக்கு வழி காட்டவேண்டும். இணையத் தளம் 4 கோடி, தொலைக்காட்சி 2 கோடி, விநியோகஸ்தர்களின் முன்பணம் ஒன்றரைக் கோடி என்றால் ஏழரைக் கோடி. கடன் தீர்ந்துவிடும். திரையரங்கில் அதற்கு மேல் வருவதுதான் அவருடைய இலாபம். ஆனால் தொலைக்காட்சி உரிமை மட்டும் விற்கவில்லை என்று வையுங்கள். கிட்டத்தட்ட 2 கோடி துண்டு விழும். நல்ல விலைக்காக ஆறு மாதம் காத்திருந்தாலோ வட்டி இன்னும் 72 இலட்சம் ஏறும்.

இது வெறும் கணக்கு அல்ல. 2021 நவம்பரில் மாநாடு படத்துக்கு இதேபோன்ற நெருக்கடி வந்தது. வெங்கட் பிரபு இயக்கி, சுரேஷ் காமாட்சி தயாரித்து, சிலம்பரசன் அப்துல் காலிக் என்ற இளைஞனாக நடித்த படம். ஒரே நாளுக்குள் மீண்டும் மீண்டும் சிக்கிக்கொள்ளும் கதை. தீபாவளிக்கு வரவேண்டியது தள்ளிப்போய் நவம்பர் 25 என்று குறித்தார்கள். 24ஆம் திகதி மாலை, முன்பதிவெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, படம் தள்ளிவைக்கப்படுகிறது என்று தயாரிப்பாளரே அறிவித்தார். அப்போது படத்தின் செய்மதி உரிமை விற்கப்பட்டிருக்கவில்லை. கடன் கொடுத்தவருக்கு அந்தத் தொகைக்கு உத்தரவாதம் வேண்டியிருந்தது. இரவோடிரவாகப் பேச்சுவார்த்தை நடந்தது. சிலம்பரசனின் தந்தை டி. ராஜேந்தர் அந்த இடைவெளிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். அதிகாலைக் காட்சிகள் பல இடங்களில் நின்றுபோனாலும் 25ஆம் திகதி காலையே படம் வெளியாகிவிட்டது.

காலைக் காட்சி ஏன் நின்றது என்று கேட்கலாம். இன்று திரையரங்குக்குப் படச்சுருள் வருவதில்லை. பூட்டிய கணினிக் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் எண்முறைச் சாவி அந்தந்த அரங்குக்குத் தனியாக அனுப்பப்படும். கடன் தீர்ந்ததாகக் கடிதம் வரும்வரை சாவி வராது. ஆகவே "தொழில்நுட்பக் காரணங்களால் காட்சி ரத்து" என்று வெளியீட்டு நாள் காலையில் ஓர் அறிவிப்பைக் கண்டால், அதன் பின்னால் தீராத கணக்கு ஒன்று இருக்கக்கூடும்.

மாநாடு வெற்றி பெற்றது. டிசம்பர் 24இல், அதாவது நாலு கிழமையும் ஒரு நாளும் கழித்து, சோனி லிவ்வில் வந்தது. கதை அத்தோடு முடியவில்லை. செய்மதி உரிமை விற்பனை தொடர்பாக ராஜேந்தர் பின்னர் சென்னையில் நீதிமன்றத்துக்கே போனார். அரங்குகள் நிறைந்த படத்துக்கே இந்த நிலை என்றால், நட்சத்திரம் இல்லாத படத்தின் பாடு எப்படியிருக்கும்?

தொலைக்காட்சி உரிமையை விற்பது ஏன் இவ்வளவு கடினமாயிற்று? முன்பெல்லாம் ஒரு படம் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று வரும்போது கொட்டாஞ்சேனையில் தெருவே வீட்டுக்குள் போய்விடும் என்று வாப்பா சொல்வார். அந்த இரண்டரை மணித்தியாலத்தில் விளம்பரங்களுக்குக் கிடைக்கும் பணம்தான் செய்மதி உரிமையின் விலையைத் தீர்மானித்தது. இன்று அதே படத்தைப் பலர் முன்னரே போனில் பார்த்துவிடுகிறார்கள். விளம்பரதாரர் குறைத்துக் கொடுக்கிறார். தொலைக்காட்சியும் குறைத்துக் கேட்கிறது. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. வெட்டி, மறுபடி தணிக்கைக்கு அனுப்பவேண்டும். ஆகவே வன்முறை மிகுந்த படங்களுக்கு இங்கே விலை குறையும்.

இணையத் தளங்கள் அந்த இடத்தை நிரப்பின. 2020இல் தொற்றுக்காலத்தில் அரங்குகள் மூடியிருந்தபோது, பொன்மகள் வந்தாள் மே 29ஆம் திகதி நேரே அமேசன் பிரைமில் வெளியானது. அதற்கு முன்பே திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்து, அந்த நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடமாட்டோம் என்று எச்சரித்தார்கள். அதன் பின்னர் வந்த சமரசம்தான் நாலு கிழமை. 2024இல் மகாராஜா ஜூன் 14 அரங்குக்கு வந்து, ஜூலை 12 நெட்பிளிக்ஸில் வந்ததை எண்ணிப் பாருங்கள்: சரியாக 28 நாட்கள். ஹிந்திப் படங்களுக்கு இந்தியாவின் பெரிய திரையரங்குக் குழுமங்கள் எட்டுக் கிழமை கேட்கின்றன. 2023இல் லியோவின் ஹிந்திப் பதிப்பு அக்குழுமங்களின் அரங்குகளில் ஓடாமல் போனது இதனால்தான். தளம் கொடுக்கும் பெருந்தொகைக்காகத் தயாரிப்பாளர் வடக்கின் அரங்குகளை விட்டுக்கொடுத்தார் என்றே எனக்குப் படுகிறது.

தளங்களும் இப்போது கையைச் சுருக்கிவிட்டன. ஆரம்பத்தில் சந்தாதாரரைச் சேர்க்கவேண்டும் என்ற அவசரத்தில் அள்ளி வாங்கினார்கள். இன்று பெரிய நடிகரின் படத்தை முன்கூட்டியே வாங்கி, சிறிய படங்களிடம் "முதலில் அரங்கில் ஓடட்டும், பிறகு பேசுவோம்" என்கிறார்கள். கடன் வாங்கும் நேரத்தில் கையில் கடிதம் இருந்தால்தானே முன்விற்பனைக்குப் பொருள்? ஓடிய பின் விலை பேசினால், கடனுக்கு அது உதவாது. புதிய இயக்குநர் ஒருவர் எடுத்த நல்ல படம் முடிந்தும் பெட்டிக்குள் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் உம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ சின்னப் படம் வந்தால் மட்டும் சவோய்க்குப் போவோம், பெரிய படத்தைப் போனில் பார்ப்போம்" என்றார். அடுத்த கிழமை எந்தப் படம் என்று நானும் தங்கச்சியும் இப்போது பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.