20 டன் சர்க்கரைக்கு எத்தனை கிராம் விதை?

சர்க்கரைத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஒரு பேனில் 20 டன் சர்க்கரைப் படிகம் விளைய வேண்டும். ஒவ்வொரு மணியும் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விதையாகப் போடும் சர்க்கரைத் தூளின் அளவு 0.01 மில்லிமீட்டர். எவ்வளவு தூள் தேவை?

விடைக்குப் போகும் முன் வெல்லக் கொப்பரையைப் பார்த்துவிடுவோம். இரண்டு இடத்திலும் காய்வது ஒரே கரும்புச் சாறுதான். பிழிந்த சாறு சற்றே புளிப்பானது, pH 5-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்படியே காய்ச்சினால் சூட்டிலும் புளிப்பிலும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறும். இவை மிகுந்தால் வெல்லம் இறுகாது, இறுகினாலும் மழைக்காலத்தில் கசியும். வெட்டி நாளான கரும்பில் வெல்லம் சரியாக அமையாததற்கும் இதுவே காரணம். அதனால்தான் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பு மிஞ்சினால் அதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சிதைந்து பாகைக் கறுக்க வைக்கும். வெல்லம் காய்ச்சுபவர் எல்லாவற்றையும் கட்டிக்குள்ளேயே வைக்கப் போகிறவர். எனவே புளிப்பை ஓரளவு தணித்ததும் கையை நிறுத்திக்கொள்கிறார். வெண்டைச் செடியை நசுக்கிய கொழகொழப்பான நீரை ஊற்றினால் அழுக்கு திரண்டு மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து எடுத்துவிடுவார்.

ஆலைக்கு அந்த அளவு போதாது. அங்கே சாற்றைச் சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலையும் கந்தகப் புகையையும் சேர்ந்தே செலுத்தி pH-ஐ 7-ஐ ஒட்டி நிறுத்துகிறார்கள். சுண்ணாம்பு, சாற்றிலுள்ள பாஸ்பேட்டோடும் கந்தகப் புகையோடும் சேர்ந்து கரையாத துகளாகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் படிகிறது. கிராமத்தில் அழுக்கை மேலே எடுக்கிறார்கள் என்றால், ஆலையில் பெரும்பகுதியைக் கீழே இறக்குகிறார்கள். தெளிந்த சாறு நீர் வற்றிப் பாகாகிறது.

உண்மையான பிரிவு இதற்குப் பிறகுதான் வருகிறது. கொப்பரையில் பாகு 118 டிகிரி வாக்கில் பதத்துக்கு வந்ததும் இறக்கி, கிளறி ஆற்றுகிறார்கள். ஆறும்போது பாகால் அவ்வளவு சர்க்கரையையும் கரைத்து வைத்திருக்க முடியாது. கரையக்கூடிய அளவைத் தாண்டியும் சர்க்கரை கரைந்தே நிற்பதை மீதெவிட்டிய நிலை என்பார்கள். கிளறலும் குளிர்ச்சியும் சேர்ந்து அந்த நிலையை ஒரேயடியாகக் கலைத்துவிட, எண்ணற்ற நுண்படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. அவற்றுக்கு இடையே மீதிப் பாகு சிக்கிக்கொண்டு மொத்தமும் கட்டியாகிறது. வெல்லத்துக்கு வேண்டியது இந்த நெரிசல்தான்.

பேனில் இதே நெரிசல் ஏற்பட்டால் அது குற்றம். அங்கே பாகு வெற்றிடத்தில் 65-70 டிகிரியிலேயே கொதிக்கிறது. கரையக்கூடியதைப் போல 1.2 மடங்குக்குள் சர்க்கரை கரைந்திருக்கும்வரை, போட்ட விதை மட்டும் வளரும். புதுப் படிகம் தானாகப் பிறக்காது. 1.3 மடங்கைத் தாண்டினால் விதையே இல்லாமலும் படிகம் கொட்டத் தொடங்கும். பேனை இயக்குபவரின் திறமையெல்லாம் அந்த எல்லைக்குள் நிற்பதில்தான் இருக்கிறது.

இப்போது கணக்கு. 0.01 மில்லிமீட்டர் தூள் 1 மில்லிமீட்டராக வளர்வது நீளத்தில் 100 மடங்கு. எடையோ அதன் கனம், அதாவது 10 லட்சம் மடங்கு. 20 டன்னை 10 லட்சத்தால் வகுத்தால் 20 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை! நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கும், ஏனெனில் போட்டதில் ஒரு பகுதி கரைந்துபோகும், சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் கணக்கு சொல்வது உண்மை: படிகத்தின் எண்ணிக்கையை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு வளர்ச்சி மட்டுமே நடக்க வேண்டும்.

நடுவில் செறிவு எல்லை மீறிப் புதுப் படிகம் பிறந்து, மொத்த எண்ணிக்கை 8 மடங்கானது என்று வையுங்கள். அதே 20 டன்னை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்வதால், எல்லாம் சமமாக வளர்ந்தாலே ஒவ்வொரு மணியும் அரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும். நிஜத்தில் பெரியதும் பொடியும் கலந்தே வரும். மொலாசஸைப் பிரிக்கச் சுழலும் இயந்திரத்தில் அந்தப் பொடி, மணிகளின் இடுக்கை அடைத்துவிடும். பாகு வடியாமல் சர்க்கரை பழுப்பாகவே வெளியே வரும். பொடியில் ஒரு பங்கு சல்லடை வழியே மொலாசஸோடு ஓடியும்விடும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பேனிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல மணிகளுக்கு நடுவே தூசுபோல மினுங்கும். உடனே சூடான நீரையோ நீர்த்த பாகையோ விட்டு, வெற்றிடத்தைச் சற்றுக் குறைத்துச் சூட்டை ஏற்றினால் பொடி முதலில் கரையும். பெரிய மணிகளும் கொஞ்சம் தேயும். விட்ட நீர் முழுவதையும் மறுபடி ஆவியாக்கித்தான் ஆக வேண்டும், அதற்கான நீராவியும் நேரமும் ஆலையின் கணக்கில் நட்டமாகவே ஏறும்.