கிரைண்டர் வாங்கும் முன் ஒரு மாதம்

“குறைந்த நாளே ஓடிய டில்டிங் கிரைண்டர் விற்பனைக்கு.” பழைய பொருள் விற்கும் செயலிகளிலும் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது. கூடவே ஒரு ஃப்ரிட்ஜோ ஃப்ரீசரோ இருந்தால் கதை தெளிவாகிவிடும். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று சேமிப்பை எடுத்துப் போட்டவர், சில மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே வருகிறார். பெரும்பாலும் அவருடைய மாவில் குறை இருந்திருக்காது. தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இயந்திரத்தை வாங்கியதுதான் கோளாறு.

அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் போதும். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. இதை உளுந்து தனி, அரிசி தனி என்று அரைத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். விடும் தண்ணீரைப் பொறுத்து ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். மோட்டார் ஆற நடுவே இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு இரண்டு ஈடு அரைக்கலாம். ஆக ஆறு கிலோ. சோதனை மாதத்தின் உச்சவரம்பு இதுதான்.

புதிதாக வாங்க வேண்டியவை குறைவு. ஒரு தராசு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு இரண்டு, வாசலில் எழுதிப்போட ஒரு சிலேட்டுப் பலகை. தராசில் எடைபோட்டு விற்பதென்றால் அது எடையளவுத் துறையின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். சமையலறைக்கு என்று விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. உணவுப் பொருள் விற்பவர் சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். `foscos.fssai.gov.in` தளத்தில் விண்ணப்பிக்கலாம், சிறு வியாபாரிகளுக்குக் கட்டணம் சொற்பம். பைக்குச் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. “பாத்திரம் கொண்டு வாங்க” என்று சொல்லிவிடலாம். பாத்திரத்தோடு தெருமுனையிலிருந்து நடந்து வருகிறவர் நிஜமாகவே மாவு தேவைப்படுகிறவர் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அரிசியைச் சிப்பமாக வாங்கிப் போடுவதும் இப்போது வேண்டாம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினாலும் சில்லறையாகவே வாங்குங்கள். மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டால், அதைத் தீர்ப்பதற்காகவே வியாபாரத்தைத் தொடரத் தோன்றும்.

மாதம் எது என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிச் சீக்கிரம் புளிக்கும். மார்கழியில் விடிந்து பார்த்தாலும் அரைத்த அளவிலேயே கிடக்கும். தீபாவளி, பொங்கல் வரும் மாதங்களில் விற்பனையே வேறு மாதிரி இருக்கும். இவை இரண்டிலும் சேராத சாதாரண மாதமாகப் பார்த்து, சம்பளம் கையில் புரளும் முதல் வாரமும் கை வறளும் கடைசி வாரமும் உள்ளடங்கும்படி முழு மாதமும் ஓட்ட வேண்டும்.

தொடங்குமுன் நாலு வீட்டில் விசாரிப்பது நல்லதுதான். ஆனால் “நான் மாவு போட்டா வாங்குவீங்களாக்கா?” என்று கேட்டால் எல்லா அக்காவும் “கண்டிப்பா வாங்குறேன்மா” என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்ல முடியும்? “போன வாரம் எத்தனை தடவை மாவு வாங்கினீங்க, எங்கே வாங்கினீங்க, கிலோ என்ன விலை?” என்று கேட்டால் விஷயம் வரும். வாரத்துக்கு இரண்டு முறை கடை மாவு வாங்குகிற வீடுகள் உங்களைச் சுற்றி எத்தனை என்பதுதான் சந்தை. வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறவர் உங்கள் மாவை எவ்வளவு புகழ்ந்தாலும் கணக்கில் சேர மாட்டார்.

இலவசமாகக் கொடுத்துப் பழக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஓசி மாவுக்குக் கிடைக்கும் பாராட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதல் நாளிலிருந்தே, பிறகு என்ன விலைக்கு விற்கப் போகிறீர்களோ அதே விலை. தள்ளுபடியில் வந்தவர்கள் விலை ஏறும் நாளில் நின்றுவிட்டால், போன நாட்களெல்லாம் வீண்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்பவர்களுக்குத்தான் மறுநாள் மாவு என்று வைத்துக்கொண்டால் மிச்சம் குறையும். ஊறப்போட்ட அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்ட முடியாதே! மிச்சத்தை வீட்டில் ஊத்தப்பமாகவும் பணியாரமாகவும் தீர்த்துவிடலாம், ஆனால் நோட்டில் அதை நஷ்டமாகவே எழுத வேண்டும். விற்பதை எடையில் விற்க வேண்டும். பொங்கிய மாவில் காற்று இருக்கும். கரண்டியாலோ லிட்டராலோ அளந்தால் ஒரு நாள் நமக்கு நஷ்டம், ஒரு நாள் வாங்குபவருக்கு நஷ்டம்.

இரண்டாம் வாரத்தில் எப்படியும் வரும் ஒரு புகார்: “உங்க மாவு பொங்கவே இல்லை.” இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு மாவை எடுத்து, மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, சமையலறை மூலையில் வைத்துவிடுங்கள். காலையில் தம்ளர் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருந்தால் மாவில் குற்றமில்லை, வாங்கியவர் உடனே ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார். தம்ளரிலும் ஏறவில்லை என்றால் உளுந்து பழசாக இருக்கலாம், அல்லது மாவு அரைபடும்போதே சூடாகியிருக்கலாம். சூடுதான் காரணமென்றால் அடுத்த ஈட்டுக்கு ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தம்ளரைக் காட்டிப் பேசினால் வாங்குபவரிடம் வாக்குவாதமும் வராது.

நோட்டில் தினமும் நான்கு விஷயம் போதும்: அரைத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, யார் வாங்கினார்கள், எத்தனை மணி நேரம் ஆனது. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் மீட்டரைப் பார்த்து யூனிட்டைக் குறித்துவைத்தால்தான் அந்தச் செலவு தெரியும்.

செல்வி என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகளுக்கு உங்கள் ஊர் விலையை மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி கிலோ 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 35, வெந்தயமும் உப்பும் 3. மூன்று கிலோ மாவுக்கு 88 ரூபாய் என்றால், கிலோவுக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். விற்பது 50 ரூபாய்க்கு. முதல் வாரம் 24 கிலோ போகிறது, ஏனென்றால் நாத்தனாரும் பக்கத்து வீடும் தோழிகளும் ஒரு முறை வாங்கிப் பார்க்கிறார்கள். இரண்டாம் வாரம் 15 கிலோவுக்கு இறங்குகிறது. இங்கே மனம் உடையும், ஆனால் சோதனை உண்மையில் இப்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் வாரம் 24, நான்காம் வாரம் 33. விடுமுறை போக 26 நாளில் மொத்தம் 96 கிலோ விற்பனை. அரைத்தது 108.

வரவு 4,800 ரூபாய். அரிசி, உளுந்துக்கு 3,240. மின்சாரம் 100. மீதி 1,460. தினமும் இரண்டரை மணி நேரம் என்றால் 26 நாளுக்கு 65 மணி. மணிக்கு 22 ரூபாய்தான் நின்றிருக்கிறது. தராசுக்கும் தூக்குக்கும் போட்டதை இதில் இன்னும் கழிக்கவில்லை.

இதைப் பார்த்து மூட்டை கட்டிவிட வேண்டியதில்லை. மாத மொத்தத்தைவிடக் கடைசி வாரம் முக்கியம். அந்த வாரம் 33 கிலோ விற்று, ஒரு கிலோதான் மிச்சம். கையில் நின்றது ஏறக்குறைய 600 ரூபாய். அதே நோட்டில், மூன்று முறைக்கு மேல் வந்தவர்களில் சொந்தக்காரர் அல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஐந்தாறு பேர் இருந்தால் வியாபாரத்துக்கு வேர் பிடித்திருக்கிறது. ஒருவரும் இல்லையென்றால் அந்த 33 கிலோ உறவுக்காக நடந்த விற்பனை, சீக்கிரமே வற்றிவிடும்.

சரி, இப்போது செல்வி 30,000 ரூபாய்க்கு ஒரு டில்டிங் கிரைண்டரும் 25,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கலாமா? கடைசி வார வேகத்திலேயே போனால் மாதம் 2,600 ரூபாய் நிற்கும். 55,000 ரூபாயை எடுக்க 21 மாதம், அதுவும் தன் உழைப்புக்குக் கூலி போடாமல். அதைவிட முக்கியமான கேள்வி வேறு. கடைசி வாரத்திலும் சராசரியாக நாளைக்கு ஐந்து கிலோவுக்குள்தான் போயிருக்கிறது. வீட்டுக் கிரைண்டர் ஆறு கிலோ தரும். இருப்பதே முழுதாக ஓடாதபோது பெரியது எதற்கு? பெரிய கிரைண்டர் நேரத்தை மிச்சம் பிடிக்குமே தவிர, வாசலுக்கு ஆளைக் கூட்டி வராது. கடைசிப் பத்து நாளில் நான்கைந்து நாளாவது “இன்னைக்கு மாவு தீர்ந்துபோச்சுக்கா” என்று சொல்லி அனுப்ப நேர்ந்திருந்தால்தான் இந்தப் பேச்சையே எடுக்கலாம். இந்த எண்ணிக்கையை மாதம் தொடங்கும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். முடிந்தபிறகு எழுதினால் ஆசைக்கு ஏற்ப எண் இறங்கும்.

அப்படித் தீர்ந்துபோகும் நிலை வந்தாலும் நேரே கடைக்கு ஓட வேண்டாம். கூலிக்கு மாவு அரைத்துத் தரும் இடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுபோனால் பெரிய கிரைண்டரின் வேலை வாடகைக்குக் கிடைத்துவிடும். பக்கத்து இட்லிக் கடைக்காரர் தினமும் 12 கிலோ, கிலோ 40 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வையுங்கள். அரிசி, உளுந்தின் எடைக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் கூலி என்றால், நாலு கிலோ அரிசிக்கும் ஒரு கிலோ உளுந்துக்கும் 50 ரூபாய். மாவுக்குக் கிலோவுக்கு நாலு ரூபாய் சொச்சம் ஆகிறது. கையில் நிற்பது கிலோவுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு. லாபம் மெலிவுதான். ஆனால் கடைக்காரர் சொன்னபடி தினமும் எடுக்கிறாரா, காசை அன்றன்றே தருகிறாரா, “சனிக்கிழமை சேர்த்துத் தர்றேம்மா” என்று இழுக்கிறாரா என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கூலிதான் இயந்திரம் எப்போது வாங்கலாம் என்பதற்கான அளவுகோலும். 12 கிலோ மாவுக்கு மாதக் கூலி 1,500 ரூபாய். 30,000 ரூபாய் கிரைண்டர் அந்தக் கூலியை மிச்சப்படுத்தித் தன் விலையை மீட்க 20 மாதம் ஆகும். தினமும் 30 கிலோ போகத் தொடங்கினால் மாதக் கூலி 3,750 ஆகிவிடும், கிரைண்டர் எட்டு மாதத்தில் தன் விலையை எடுத்துவிடும். சொந்தக் கிரைண்டருக்கு ஆகும் மின்சாரத்தைக் கழித்தால் இன்னும் சில வாரம் கூடும்.