பேசுபவர்களுக்கு நடுவே ஒரு கோடு

கதிரும் மலரும் ஓட்டல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். முதலில் இருவரும் தெரியும்படி ஒரு மாஸ்டர் ஷாட். திரையில் இடப்பக்கம் இருக்கும் கதிர் வலது பக்கமாகப் பார்க்கிறான். வலப்பக்கம் இருக்கும் மலர் இடது பக்கமாக. இருவரையும் இணைத்து ஒரு கோடு இழுத்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்து எடுப்பது க்ளோசப்போ, தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டோ, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், அரைவட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். இதுதான் 180 டிகிரி விதி.

மலரின் க்ளோசப்புக்கு மட்டும் கேமராவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால், அவளும் வலது பக்கமே பார்ப்பாள். இரண்டு ஷாட்டையும் ஒட்டினால், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், வேறு யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும்.

தாண்டவே கூடாது என்றில்லை. வெட்டாமல் கேமராவை நகர்த்தியே மறுபக்கம் போகலாம். நடிகர் எழுந்து இடம் மாறினால் கோடும் அவரோடு மாறிவிடும். வேண்டுமென்றே தாண்டியவர்களும் உண்டு. ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் சிவப்புச் சுவர்கள் கொண்ட கழிவறையில் ஜாக்கும் கிரேடியும் பேசும்போது, ஸ்டான்லி குப்ரிக் சட்டென்று கோட்டின் மறுபக்கத்துக்கு வெட்டுகிறார். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, திரையில் இடம் வலம் மாறிவிடுகிறது. பார்ப்பவருக்கு ஏதோ பிசகுவதுபோல் இருக்கும். அந்தக் காட்சிக்கு அதுதான் தேவை.

கன்டின்யூட்டி பிழை வேறு வகை. கதிர் பக்கத்து ஷாட்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, லைட்டை மாற்றி, சில மணி நேரம் கழித்துத்தான் மலர் பக்கம் எடுப்பார்கள். அதற்குள் கிளாஸில் டீ குறைந்திருக்கும், முந்தானை வேறு தோளுக்குப் போயிருக்கும். எந்த வசனத்தில் யார் கை எங்கே இருந்தது என்று உதவி இயக்குநர் குறித்துவைப்பதும், போட்டோ எடுத்துவைப்பதும் இதற்காகத்தான். அப்படியும் தப்பும். ‘ப்ரெட்டி உமன்’ (1990) படத்தின் காலை உணவுக் காட்சியில் ஜூலியா ராபர்ட்ஸ் கையிலிருந்த க்ரோசான் ரொட்டி, அடுத்த ஷாட்டில் பான்கேக்காகிவிடுகிறது.

எத்தனை பேர் இதைக் கவனிப்பார்கள்? 1997இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற உளவியலாளர்கள், இரண்டு பெண்கள் உணவகத்தில் பேசும் ஒரு குறும்படத்தை எடுத்து, அதில் வேண்டுமென்றே ஒன்பது பிழைகளை வைத்தார்கள். சிவப்புத் தட்டு வெள்ளையாகும். கழுத்திலிருந்த ஸ்கார்ஃப் காணாமல்போகும். பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். மற்றவர்களின் கவனம் பேச்சிலும் முகத்திலும் இருந்தது.

எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டுக்குத் தரும் மதிப்பெண் பட்டியலும் இதற்கு ஒத்துப்போகிறது. உணர்ச்சிக்கு 51 சதவீதம். கோட்டைக் காப்பது போன்ற திரை இலக்கணத்துக்கு 5. ஆளும் பொருளும் இருந்த இடத்திலேயே இருப்பதற்கு 4. ஆகவே டீயின் அளவு பொருந்தாத டேக்கில்தான் மலர் நன்றாக நடித்திருக்கிறாள் என்றால், எடிட்டர் அதையே எடுப்பார். ஃபிரேமைச் சற்றுப் பெரிதாக்கி கிளாஸை வெளியே தள்ள முடியுமா என்று மட்டும் பார்ப்பார்.