ஒரு மீட்டர் கணக்கும் அறுபதாவது மீட்டரும்

சந்தில் கால்வாய் கட்டுகிறவர்கள் எதையும் ‘ரன்னிங் மீட்டர்’ கணக்கில்தான் பேசுவார்கள். நீளவாக்கில் ஒரே ஒரு மீட்டருக்கு எவ்வளவு கான்கிரீட், எத்தனை கல் என்று பார்த்துவிட்டால் மீதி வெறும் பெருக்கல். அந்தப் பெருக்கலில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

3 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் உள்ள சந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் கால்வாய். உள்ளளவு 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். தளமும் இரு சுவர்களும் 10 செ.மீ. கனம். சுவர்களையும் தாங்கவேண்டிய தளம் 50 செ.மீ. அகலம் இருக்கும். ஆகவே மீட்டருக்குத் தளத்தில் 0.05 கன மீட்டர், சுவர்களில் 0.06, மொத்தம் 0.11. இதற்கு 1:1½:3 கலவையில் ஒரு மூட்டைக்குச் சற்றே குறைவாக சிமெண்ட் பிடிக்கும். அடியில் போடும் 1:4:8 ஜல்லிக் கலவை தனி.

அறுபதால் பெருக்கினால் 6.6 கன மீட்டர். ஆனால் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டுமே! 200-க்கு 1 என்றால் மீட்டருக்கு 5 மி.மீ. இறக்கம். சந்து மட்டமாகக் கிடந்தால், கடைசியில் தளம் 30 செ.மீ. கீழே போயிருக்கும், அங்கே கால்வாயின் ஆழம் 60 செ.மீ. சராசரி ஆழம் 45 என்று வைத்தால் மீட்டருக்கு 0.14, மொத்தம் 8.4 கன மீட்டர். முதல் மீட்டரை நம்பியவருக்குப் பாதி வேலையைத் தாண்டியதும் சுமார் 14 மூட்டை சிமெண்ட் குறையும். ஆழமான கோடியில் பக்கத்து மண்ணும் வண்டிகளும் தள்ளுவதை 10 செ.மீ. வெறும் கான்கிரீட் தாங்காது. சுவரில் கம்பி கட்டவேண்டும், அல்லது கனத்தைக் கூட்டவேண்டும். அந்தச் செலவும் முதல் மீட்டரில் தெரியாது.

ஓரக்கல் கணக்கு எளிது. 45 செ.மீ. நீளக் கல் என்றால், கலவைப் பூச்சு இடைவெளியும் சேர்த்து மீட்டருக்கு 2.2 கல், 60 மீட்டருக்கு 132. 30 செ.மீ. உயரமும் 15 செ.மீ. கனமும் உள்ள ஒரு கல் ஏறக்குறைய 49 கிலோ. தூக்க இருவர் வேண்டும். உயரத்தில் பாதியை மண்ணுக்குள் இறக்காவிட்டால் முதல் லோடு வண்டி உரசும்போதே சாய்ந்துவிடும்.

ஆனால் நெருக்கமாக நட்ட கல்லே சாலைத் தண்ணீருக்கு அணையாகிவிடும். கால்வாய் காய்ந்து கிடக்க, சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 3 மீட்டருக்கு ஒரு முறை ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். அதில் மிச்சமாகும் சில கற்கள் உடைசலுக்கு ஈடாகிவிடும்.

தளம் போட்ட மறுநாள், மேல் கோடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது விரல் கனத்துக்குத் தேங்கினால் அங்கே வாட்டம் தப்பியிருக்கிறது. சுவருக்குப் பலகை அடிப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடலாம்.