நாற்பதில் பன்னிரண்டு

என் நாத்தனார் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ரத்தசோகை பற்றி அவள் தயாரித்த பாடத்தில் நாற்பது ஸ்லைடுகள். ஐந்து வகுப்புகளுக்கு வரும். அதே விஷயத்தை ஒரு மகளிர் கல்லூரியில் நாற்பது நிமிஷத்தில் பேச வேண்டுமென்று அழைப்பு வந்ததும், மடிக்கணினியும் கையுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, நாலு ஸ்லைடை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பத்துதானே?" என்றாள்.

சேர்த்தும் பார்த்தாள். எழுத்தெல்லாம் எள்ளைப் போல் ஆகிவிட்டது. கூடத்து மூலையில் நின்று என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை.

கேள்விகளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினால் பேசக் கிடைப்பது முப்பதுதான். ஒரு ஸ்லைடுக்கு இரண்டரை நிமிஷம் என்று பன்னிரண்டு வைத்துக்கொண்டோம். "அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன். யோசித்து ஒரே வாக்கியம் எழுதினாள்: 'கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சை உதவும், சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காப்பியும் தடுக்கும்.'

பிறகு Save As கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்தாள். Slide Sorter-இல் நாற்பதும் கோலப்புள்ளிகள் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. அந்த வாக்கியத்துக்கு உதவாததை அழிக்காமல் Hide Slide கொடுத்து மறைத்தாள். பரீட்சைக் கேள்விகள் நாலும் மீள்பார்வை இரண்டும் உடனே போயின. ரத்தத்தின் கூறுகள் ஒன்பதில் இரண்டு மிஞ்சின. ஹீமோகுளோபின் ஆறில் ஒன்று. சோகையின் வகைகள் எட்டில் இரண்டு. உணவு பற்றிய பத்தில் மட்டும் தாராளமாக ஆறு. தலைப்பு இருந்த முதல் ஸ்லைடில் சாப்பாட்டுத் தட்டும் டீ டம்ளரும் சேர்ந்த படம் ஒன்றை வைத்தாள்.

ஹீமோகுளோபின் படங்களை மறைக்க அவளுக்கு மனசே வரவில்லை. இரண்டு ராத்திரி கண்விழித்து வரைந்தவையாம்! வரைந்த சிரமம் கேட்க வருகிறவர்களுக்குத் தெரியுமா, பாவம்?

பன்னிரண்டையும் எனக்குப் பேசிக் காட்டச் சொன்னேன். 31-வது ஸ்லைடு வந்ததும், "முன்பு பார்த்த ஹீம் இரும்பு..." என்றாள்.

"ஹீம் என்றால் என்னடி?"

விழித்தாள். அதை விளக்கிய 12-வது ஸ்லைடு மறைந்து போயிருந்தது! 'இறைச்சியிலுள்ள, எளிதில் உடம்பில் சேரும் இரும்பு' என்று மாற்றினாள். நாற்பதையும் அறிந்தவளுக்கு இந்த ஓட்டை எப்படித் தெரியும்? பாடத்தைப் பார்த்தேயிராத ஒருவர் எதிரில் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: மறைத்த பிறகும் பழைய எண்களே ஓரத்தில் தெரிந்தன. மூன்றுக்கு அடுத்து ஒன்பது என்று வந்தால், ஏதோ தாவிவிட்டதென்று கூட்டம் முணுமுணுக்கும். திரையில் எண் வராதபடி நிறுத்திவிட்டு, மறைந்தவற்றின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

அந்தச் சீட்டு வீண்போகவில்லை. பேச்சு முடிந்ததும், "பி-12 குறைவாலும் சோகை வருமா, மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாளாம். இவள் சீட்டைப் பார்த்து 23 என்று தட்டி, Enter அழுத்தினாள். மறைந்திருந்த ஸ்லைடு திரையில் வந்து நின்றது.